"ஏதோ குறையுது" என்று சொல்பவர்களை வைத்துக்கொண்டு ஒரு பெயரை முடிவு செய்வது எப்படி?

கேள்வி: "மாமா, தம்பி, நான் மூணு பேரும் சேர்ந்து சிறுதானிய மாவுத் தொழில் ஆரம்பிக்கிறோம். பெயர் பார்க்கும் வேலை என்னுடையது. மூணு தடவை லிஸ்ட் கொடுத்துட்டேன். 'நல்லா இல்ல', 'கெத்தா இல்ல', 'ஏதோ குறையுது'ன்னு மட்டும்தான் சொல்றாங்க. என்ன வேணும்னு கேட்டா தெரியலங்கறாங்க. நாலாவது லிஸ்டை எப்படிப் போடறது?"

நாலாவது லிஸ்டை இப்போதைக்குப் போடாதீர்கள். அவர்கள் வேண்டாம் என்று தள்ளிய மூன்று பட்டியல்கள் உங்கள் கையில் இருக்கின்றன. எது வேண்டும் என்பதை அவர்களால் வாயால் சொல்ல முடியவில்லை, ஆனால் தள்ளியதிலும் வைத்துக்கொண்டதிலும் அது பதிவாகியிருக்கிறது. அதை அங்கிருந்து எடுத்து, முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்தாலும் அவரும் அதே பெயர்களைத் தள்ளும் அளவுக்குத் தெளிவான நிபந்தனையாக எழுதுவதுதான் முதல் வேலை. நான் பதினான்கு வருடமாகத் திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கம் சிறிய உணவுத் தொழில்களுக்குப் பெயரும் லேபிள் வாசகமும் எழுதிக் கொடுக்கிறேன். பெயர் வேலை நின்றுபோன இடங்களில் பெரும்பாலும் பெயர்ப் பஞ்சம் இருந்ததில்லை. நிபந்தனை எழுதப்படாமல் இருந்திருக்கும்.

எல்லோரும் முதலில் செய்வது, "ஏன் பிடிக்கல?" என்று கேட்பது. நானும் பல வருடம் அப்படித்தான் கேட்டேன். அந்தக் கேள்விக்கு மனிதர்கள் பதில் சொல்லிவிடுவார்கள், அதுதான் சிக்கல். உண்மையான காரணம் தெரியாதபோது, சொல்வதற்கு எளிதான ஒரு காரணத்தை அந்த இடத்திலேயே கண்டுபிடித்துச் சொல்வார்கள். 1991இல் அமெரிக்காவில் டிமோத்தி வில்சன், ஜோனதன் ஸ்கூலர் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஐந்து வகை ஸ்ட்ராபெர்ரி ஜாம் கொடுத்துப் பார்த்தார்கள். சும்மா ருசி பார்த்து மதிப்பெண் போட்டவர்களின் வரிசை, ஜாம் நிபுணர்களின் வரிசைக்கு ஓரளவு நெருக்கமாக இருந்தது. ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று காரணம் யோசித்துவிட்டு மதிப்பெண் போட்டவர்களின் வரிசை அதிலிருந்து விலகிப் போனது. ஜாமுக்குச் சொன்னது பெயருக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் என் அனுபவம் அதே பக்கம்தான் இருக்கிறது. "ஏன்" என்பதற்கு வரும் பதிலை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன், தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு குடும்பத்தின் கதையை முழுசாகச் சொல்கிறேன். காங்கேயம் பக்கம் இரண்டு வாகைமரச் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறவர்கள். அப்பா, கணக்கைப் பார்க்கும் மூத்த மகள், பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்த மகன், மூன்று பேரும் பங்காளிகள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் பாட்டிலில் அடைத்து ஒரே பெயரில் விற்க வேண்டும். முதல் சுற்றில் பன்னிரண்டு பெயர் கொண்டுபோனேன். மண்வாசம், நாட்டுச்செக்கு, தாய்வீடு, வாகை, உரல், எள்மணி, ஆதி, தைலா, நெய்தல் இவையெல்லாம் அதில் உண்டு. ஆளுக்கொரு சீட்டைக் கொடுத்து, பேசாமல் தனித்தனியாக எழுதச் சொன்னேன். பிடித்ததற்கு டிக், பிடிக்காததற்குப் பெருக்கல் குறி, பக்கத்தில் மனசில் தோன்றிய ஒரே ஒரு சொல். இதை எந்தச் சுற்றிலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அப்பா முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்ற இருவரின் கருத்து அன்றைக்குக் கிடைக்காது.

மகள் சீட்டில் மண்வாசம், தாய்வீடு, நாட்டுச்செக்கு மூன்றுக்கும் நேரே "பழசு" என்று இருந்தது. அதை அப்படியே நிபந்தனை ஆக்கினேன்: "பழைய தமிழ்ச் சொல் கூடாது." அப்புறம் அந்த நிபந்தனையை அவருடைய சீட்டின் மேலேயே ஓட்டிப் பார்த்தேன். வாகைக்கும் உரலுக்கும் டிக் போட்டிருக்கிறார். உரலைவிடப் பழைய சொல் எது? அவர் தள்ளியதை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் நிபந்தனை சரியாகத் தெரிந்திருக்கும். பிடித்ததையும் சேர்த்து வைத்தபோதுதான் அது தப்பு என்று தெரிந்தது. உங்கள் வேலையில் இதை மட்டும் கறாராகக் கடைப்பிடியுங்கள். ஒரு நிபந்தனை எழுதியதும், பழைய பட்டியல் முழுவதையும் அதன் வழியாகச் சலித்துப் பாருங்கள். அந்த ஆள் தள்ளிய பெயர்கள் கீழே விழ வேண்டும், அவருக்குப் பிடித்தவை மேலே நிற்க வேண்டும். பிடித்த பெயர் ஒன்று விழுந்துவிட்டால், பெயரில் குற்றம் இல்லை, நிபந்தனையைத்தான் மாற்ற வேண்டும்.

மறுபடி அந்த மூன்றையும் பார்த்தேன். மண்வாசம், தாய்வீடு, நாட்டுச்செக்கு மூன்றும் ஊரை விட்டுப் போனவனின் ஏக்கத்தைக் காசாக்கும் பெயர்கள். வாகையும் உரலும் அப்படி இல்லை. அவர்கள் கொட்டகையில் கண் முன்னால் நிற்கும் பொருள்கள். "கிராமத்து ஏக்கத்தைச் சொல்லும் பெயர் வேண்டாம், தொழிலில் கையால் தொடக்கூடிய ஒரு பொருளின் பெயர் வேண்டும்" என்று மாற்றி எழுதி அவரிடம் படித்துக் காட்டினேன். "ஆமாம், இதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார். அந்த 'ஆமாம்' எனக்குப் போதவில்லை. அவர் முன்னால் நான் எதை நன்றாக எழுதிக் காட்டினாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார். அதனால் இரண்டாம் சுற்றில் யாரிடமும் சொல்லாமல் "தாய்மண்" என்று ஒரு பெயரை வேண்டுமென்றே நுழைத்தேன். நிபந்தனை சரியென்றால் அவர் அதைத் தள்ள வேண்டும். தள்ளினார். நிபந்தனையை மீறும் பெயர் ஒன்றை ஒவ்வொரு சுற்றிலும் இப்படிச் சேர்ப்பது நல்லது. அது தப்பிப் பிழைத்துவிட்டால் நீங்கள் எதையோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

அப்பாவின் சீட்டில் தைலாவுக்கு எதிரே "நல்லா இல்ல" என்று மட்டும் இருந்தது. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். திலம் என்றால் எள், அதிலிருந்து வந்ததுதான் தைலம், எண்ணெய்க்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. ஏன் என்று கேட்காமல், "இந்தப் பெயர் போட்ட பாட்டிலை வீட்டில் எங்கே வைப்பீங்கய்யா?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "அலமாரியில, முட்டிவலி மருந்து பக்கத்துல." முடிந்தது. இன்றைய பேச்சுத் தமிழில் தைலம் தேய்க்கிற பொருள், அடுப்படிக்கு அதில் இடமில்லை. அதன் வேர் எனக்குத் தெரிந்திருப்பதால் வாங்க வருகிறவருக்கு ஒரு பயனும் இல்லை. அது இப்படி நிபந்தனையானது: பெயரை மட்டும் சொல்லி ஐந்து பேரிடம் "இது என்ன பொருளா இருக்கும்?" என்று கேட்க வேண்டும். இரண்டு பேர் மருந்து, தலைக்குத் தேய்ப்பது, சோப்பு என்று சொன்னால் பெயர் வெளியே. நெய்தலையும் அவர் தள்ளியிருந்தார். அங்கே நான் கேட்கவே தேவைப்படவில்லை. "நெய்யா எண்ணெயா?" என்று சீட்டிலேயே எழுதியிருந்தார். பொருளின் தன்மையைப் பற்றி வாங்குகிறவரை ஏமாற்றக்கூடிய பெயருக்கு வணிகக் குறிப் பதிவும் கிடைக்காது என்பதால், அது விருப்பு வெறுப்பைத் தாண்டிய நிபந்தனையாகவே நின்றது.

"எங்கே வைப்பீர்கள்", "யார் வாயில் இந்தப் பெயர் வருகிறது", "இதைக் கேட்டதும் வேறு எந்தப் பெயர் நினைவுக்கு வந்தது" போன்ற கேள்விகள் ஏன் வேலை செய்கின்றன என்றால், அவை காரணம் கேட்பதில்லை. ஒரு காட்சியைக் கேட்கின்றன. காட்சியைச் சொல்வது எல்லோருக்கும் வரும். அதிலிருந்து காரணத்தை எடுப்பது நம் வேலை.

மகனிடம்தான் நேரம் அதிகம் போனது. அவர் சீட்டில் நாலு இடத்தில் "கெத்து இல்ல". கெத்து என்பது பொருளா, ஓசையா, எழுத்தின் தோற்றமா என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட சமயத்தில் நான் ஜோடி போட்டுக் கேட்பேன். இரண்டு பெயர், கூடியவரை ஒரு விஷயத்தில் மட்டும் வேறுபட வேண்டும். உரலா உலக்கையா, செம்மணியா செக்கடியா, எள்மணியா எள்ளுக்கட்டா என்று கேட்டேன். உலக்கை, செக்கடி, எள்ளுக்கட்டு என்று எடுத்தார். மூன்றிலும் க்க, ட்ட என்று வல்லினம் இரட்டித்து வருகிறது. தள்ளிய மூன்றும் பெரும்பாலும் மெல்லினமும் இடையினமுமாக வழுக்கிக்கொண்டு போகின்றன. 'கெத்து' என்ற சொல்லிலேயே த்த இருப்பதைக் கவனித்தேன், பிடித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் சலித்துப் பார்த்தபோது இடித்தது. முதல் சுற்றில் அவர் டிக் போட்ட வாகையிலும் ஆதியிலும் வல்லின இரட்டை கிடையாது. மூன்று ஜோடியை வைத்துக்கொண்டு ஒருவரின் காதை அளந்துவிட முடியாது. ஆகவே அதைக் கட்டாயத்தில் சேர்க்காமல் "இருந்தால் நல்லது" என்ற பக்கத்தில் எழுதி வைத்தேன்.

இரண்டாம் சுற்றில் எட்டுப் பெயர். முதல் சுற்றில் மகளுக்குப் பிடித்த வாகையையும் உரலையும் அப்படியே விட்டேன். அவற்றுக்குக் கிடைக்கும் குறி மாறினால், ஆட்களின் மனநிலை மாறியிருக்கிறது என்று தெரியும். செக்கடி, உலக்கை, எள்ளுக்கட்டு, நுகத்தடி, வேண்டுமென்றே போட்ட தாய்மண், இன்னொன்று. அன்றைக்கு இரண்டு விஷயம் நடந்தது.

முதலாவது, காபி கொண்டுவந்த அம்மா. அவர் பங்காளி இல்லை, சீட்டும் அவருக்குக் கிடையாது. தரையில் விரித்திருந்த பெயர்களைப் பார்த்தார், "எள்ளு வேணாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. கிளம்பும்போது அடுப்படி வாசலில் நின்று தனியாகக் கேட்டேன். தயங்கித் தயங்கி, "புதுசா ஆரம்பிக்கிறதுல போய் எள்ளும் தண்ணியும் எதுக்குங்க" என்றார். இறந்தவர்களுக்கு இறைப்பது எள்ளும் தண்ணீரும். மங்கலமான பேச்சின் நடுவில் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதே அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது. நல்லெண்ணெய் வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் அவரைப் போன்ற பெண்கள்தான். எள்மணி, எள்ளுக்கட்டு என்று எள் சேர்ந்த இரண்டு பெயர்களும் அன்றே போயின. சில வெறுப்புகள் தெளிவில்லாமல் வருவதற்குக் காரணம், சொல்பவருக்குத் தெரியாததல்ல. சபையில் சொல்லக்கூடாது என்பதுதான். "ஏதோ குறையுது" என்று உங்கள் மாமா சொல்வதிலும் அப்படி ஏதாவது இருக்கலாம். இறந்த உறவினரின் பெயர், பகையாளி குடும்பத்தின் பெயர், ராசி, எண் கணிதம் என்று எதுவாகவும் இருக்கலாம். கூட்டத்தில் கேட்காமல் தனியாக, நின்றபடி, கிளம்புகிற நேரத்தில் கேளுங்கள். ஒரே ஆளின் சொந்த நினைவு என்றால் அந்த ஒரு பெயரை மட்டும் எடுத்துவிட்டு நகருங்கள், அதிலிருந்து நிபந்தனை எழுத வேண்டாம். எள்ளும் தண்ணியும் போல ஊரே பகிர்ந்துகொள்ளும் நினைவு என்றால்தான் அது நிபந்தனை.

இரண்டாவது, மகன். உலக்கை, எள்ளுக்கட்டு, நுகத்தடி எல்லாவற்றிலும் அவர் கேட்ட வல்லினம் இருக்கிறது. எல்லாவற்றையும் தள்ளினார், மறுபடி "கெத்து இல்ல". இப்போது எந்த நிபந்தனை எழுதினாலும் அவருடைய இரண்டு சீட்டுகளுக்கும் ஒரே சமயத்தில் பொருந்தவில்லை. இப்படி ஒரே ஆளின் சீட்டுகள் ஒன்றோடொன்று முட்டும்போது, தகராறு பெயரில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். "இந்தப் பெயரை யார்கிட்ட சொல்ற மாதிரி நினைச்சுப் பார்த்தீங்க?" என்று கேட்டேன். "என் பழைய ஆபீஸ் நண்பர்கள்கிட்ட." அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அப்பா மனசில் இருந்ததோ திருப்பூர் மளிகைக் கடைக்காரர். ஆளுக்கொரு சந்தையை மனசில் வைத்துக்கொண்டு ஒரே பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பெயர் வேலையை அங்கேயே நிறுத்தினேன். யாருக்கு விற்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டுக் கூப்பிடச் சொன்னேன். பத்து நாள் கழித்து அழைத்தார்கள். முதல் இரண்டு வருடம் திருப்பூர், கோவைக் கடைகள், கூடவே பெங்களூருக்கு பார்சல் என்று பேசி முடித்திருந்தார்கள்.

அதற்கப்புறம் 'கெத்து' தானாகவே உருமாறியது. தமிழ் தெரியாதவர் ஒருமுறை கேட்டால் திருப்பிச் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் எழுதினால் எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டும். இதைச் சோதிப்பது சுலபம். ஐந்து பேருக்கு போன் செய்து பெயரைச் சொல்லி, வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் டைப் செய்து அனுப்பச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பிடித்திருந்த வாகை இங்கேதான் விழுந்தது. Vagai, Vaagai, Vaakai என்று மூன்று விதமாக வந்தது. முதலாவதை மறுபடி தமிழில் படித்தால் 'வகை' ஆகிவிடுகிறது. செக்கடி Chekkadi என்றும் Sekkadi என்றும் வந்தது. ச என்ற ஒரே எழுத்து நமக்கு இரண்டு ஒலியாக இருப்பதன் விளைவு அது. தமிழ்ப் பெயர்களில் இந்தச் சிக்கல் ழகரத்தில் மட்டும் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். குறில் நெடிலிலும், ககர சகர தகர ஒலிகளிலும் அதைவிட அடிக்கடி வருகிறது. உரல் ஐந்து பேரிடமிருந்தும் Ural என்று ஒரே மாதிரி வந்தது. கன்னடத்தில் உரலுக்கு ஒரளு என்று பெயர் என்பதால் பெங்களூர்க்காரருக்கும் அது அந்நியமாக இல்லை. முதல் சுற்றில் மகன் கெத்து இல்லை என்று தள்ளிய அதே உரல்.

பதிவு விஷயத்தை இரண்டாம் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் நடுவில் பாருங்கள். முதல் சுற்றிலேயே பார்த்தால் விழப்போகிற பெயர்களுக்கெல்லாம் வீணாகத் தேடுவீர்கள், கடைசியில் பார்த்தால் மனசு ஒட்டிய பிறகு பெயரை இழப்பீர்கள். இந்திய வணிகக் குறிச் சட்டம் 1999இன்படி பொருளை அப்படியே வர்ணிக்கும் பெயரும், அந்தத் தொழிலில் எல்லோரும் வழக்கமாகப் பயன்படுத்தும் சொல்லும் பதிவுக்கு ஏற்றவையல்ல. செக்கு, நாட்டு, மரபு என்ற சொற்களை மட்டும் நம்பிய பெயர் அங்கே தடுமாறும். மகள் நாட்டுச்செக்கைத் தள்ளியபோது "எல்லாரும் வெச்சிருக்காங்க" என்றும் சொல்லியிருந்தார், அந்த அலுப்பும் சட்டமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பில் வரும், உங்கள் மாவு 30ஆம் வகுப்பில். பதிவகத்தின் தளத்தில் கட்டணமில்லாமல் தேடலாம். எழுத்துக்கூட்டலை மட்டும் தேடாமல் ஒலி ஒற்றுமையையும் தேடுங்கள். அமிர்ததாரா, லக்ஷ்மண்தாரா என்ற இரண்டு மருந்துப் பெயர்கள் குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருக்கின்றன என்று 1962இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரைகுறையாக நினைவு வைத்திருக்கும் சாதாரண ஆளை வைத்துத்தான் அளந்தார்கள். எங்கள் இரண்டாம் சுற்றின் எட்டாவது பெயர் தாரை. எண்ணெய் ஒழுகுவதைச் சொல்லும் அழகான சொல். தாரா என்ற பெயரில் நாடறிந்த சமையல் எண்ணெய் ஏற்கெனவே இருப்பதால் நானே அதை எடுத்துவிட்டேன், முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். தேடலில் ஒன்றும் வரவில்லை என்றால் ஆபத்து குறைவு என்று மட்டும்தான் பொருள். கிடைக்குமா என்று சொல்ல வேண்டியவர் வணிகக் குறி வழக்கறிஞர், நான் அல்ல.

மூன்றாம் சுற்றில் ஐந்தே பெயர். கட்டாய நிபந்தனைகளும் ஐந்தே: தொடக்கூடிய பொருளின் பெயர், மருந்து நினைவு வராதது, எள் இல்லாதது, நெய் என்று குழப்பாதது, ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல். ஐந்துக்கு மேல் நான் கட்டாயத்தில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் ஒரு பெயரும் தேறாது, எல்லோருக்கும் சோர்வுதான் மிஞ்சும். ஆறாவது ஒன்று வேண்டும் என்று யாராவது சொன்னால், இருக்கும் ஐந்தில் எதை 'இருந்தால் நல்லது' பக்கம் தள்ளலாம் என்று திருப்பிக் கேட்பேன். மூவரும் உரல் பக்கம் வந்தார்கள். உரல் என்ற தனிச் சொல்லோடு நிறுத்தாமல் குடும்பத்துக்கு நெருக்கமான இன்னொரு சொல்லைச் சேர்த்து முழுப்பெயர் ஆக்கினார்கள். அதை இங்கே சொல்வது சரியில்லை.

ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். மூவரும் உரலுக்கு வந்தது நிபந்தனைகளால் மட்டும்தானா? அதற்குள் ஒரு மாதமாக அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1968இல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் பொருளே இல்லாத சொற்களை ஆட்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். அதிகம் பார்த்த சொல்லுக்கு நல்ல அர்த்தம் இருக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். பழக்கமே பிடித்தம் ஆகிவிடுகிறது. இரண்டாம் சுற்றிலும் பழைய பெயர்களை விட்டுவைத்தேன் அல்லவா, அதன் தீமை இதுதான். எவ்வளவு பங்கு பழக்கத்தால், எவ்வளவு நிபந்தனையால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் கடைசி இரண்டு பெயர்களை, அதற்கு முன் எதையும் கேட்டிராத ஐந்து பேரிடம் கொண்டுபோகிறேன். பிடிக்கிறதா என்று அவர்களிடம் கேட்பதில்லை. "அண்ணே, ஒரு லிட்டர் உரல் கடலெண்ணெய் குடுங்க" என்று கடையில் கேட்கிற மாதிரி சொல்லச் சொல்வேன், மறுநாள் போன் செய்து "நேத்து என்ன பேர் சொன்னேன்?" என்று கேட்பேன். உரலை ஐந்தில் நாலு பேர் சரியாகச் சொன்னார்கள். ஐந்தே பேர் என்பதால் இதைப் பெரிய சான்றாக நான் நினைக்கவில்லை. ஆனால் ஐந்தில் மூன்று பேர் தப்பாகச் சொல்லியிருந்தால் அந்தப் பெயரை விட்டிருப்பேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பட்டியல்களிலும் உள்ள எல்லாப் பெயர்களையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கலக்கிக்கொள்ளுங்கள். மாமாவிடம் தனியாக, தம்பியிடம் தனியாகக் கொடுத்து, இருப்பதில் தேவலாம் என்று தோன்றும் நாலு, ரொம்ப மோசமான நாலு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். எதுவுமே பிடிக்கவில்லை என்று சொன்னாலும், ஒப்பிட்டு எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். உங்கள் எட்டையும் அவர்களுக்குக் காட்டாமல் எடுத்து வையுங்கள். மோசமான நாலுக்கும் "இந்தப் பேர் போட்ட பாக்கெட்டை யார் கையில பார்க்கறீங்க?" என்று கேட்டு, வருகிற பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மாவுத் தொழில் என்பதால் ஒன்றைக் குறிப்பாகக் கவனியுங்கள். குழந்தைக்குக் கொடுக்கும் கஞ்சி மாவு, சர்க்கரைக்காரருக்கான மாவு, தோசைக்கு அரைக்கும் மாவு, இந்த மூன்றில் எதை யார் மனசில் வைத்திருக்கிறார்கள் என்பது அந்தப் பதில்களிலேயே தெரிந்துவிடும். மாமாவும் தம்பியும் வேறு வேறு கையைச் சொன்னால் பெயரைப் பற்றி மேலே ஒரு வார்த்தையும் பேசாதீர்கள், முதலில் அதைப் பேசி முடியுங்கள். ஒரே கையைச் சொன்னால் இரண்டு மூன்று நிபந்தனைகள் எழுதி, எடுத்து வைத்த இருபத்திநாலு சீட்டின் மேலும் ஓட்டிப் பாருங்கள். நாலாவது லிஸ்டை அதற்கப்புறம் ஆரம்பிக்கலாம், எட்டுப் பெயர் போதும்.